நவம்பர் விலைய ஜூலைலயே எழுதிக்கறது: ஒரு விவசாயியும் மண்டிக்காரரும் பேசின பேச்சு

கேள்வி: நான் பெங்களூர்ல வேலை பார்க்கறேன். அப்பா தளி பக்கத்துல 5 ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருக்காரு. யஷ்வந்த்பூர் யார்டுல ஒரு வியாபாரி நவம்பர் விலைய இப்பவே பேசி எழுதிக்கலாம்ங்கறாரு. மார்க்கெட் ஏறிடுச்சுன்னா நாங்க ஏமாந்த மாதிரி தானே? இதுல யாருக்கு தான் லாபம்?

பதில்: லாபம் யாருக்குங்கறத கொஞ்சம் தள்ளி வைங்க. ரெண்டு பேருக்கும் ராத்திரி தூக்கத்த கெடுக்கற பயம் எதுன்னு முதல்ல பார்த்தா மீதி எல்லாம் தானா புரியும். நான் ஆர்எம்சி யார்டுல தானிய மண்டில ரொம்ப வருஷம் கணக்கு பார்த்தவன், இந்த மாதிரி ஒப்பந்தம் எழுதறது, அப்புறம் அறுப்பு முடிஞ்சு அத முடிக்கறது ரெண்டையும் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். எங்க மண்டில ஓசூர் பக்கத்து விவசாயி ஒருத்தருக்கும் மண்டிக்காரருக்கும் நடந்த பேச்ச நினைவுல இருந்து எழுதறேன், உங்க அப்பா நிலைமை கிட்டத்தட்ட அதே தான். எண்கள கணக்கு சுலபமா வர்ற மாதிரி ரவுண்டு பண்ணிருக்கேன், அத இன்னைக்கு மார்க்கெட் விலைன்னு எடுத்துக்காதீங்க.

அது ஜூலை மாசம், விதைப்பு முடிஞ்சு பயிர் முழங்கால் உயரம். விவசாயி வந்து உக்காந்ததும் முதல்ல கேட்டது இது தான்: "தம்பி, இன்னைக்கு யார்டுல குவிண்டால் 2,350 போகுது. நீ என்னடா நவம்பருக்கு 2,080-ங்கற. இப்பவே 270 ரூபாய அடிக்கறியே, இது என்ன நியாயம்?"

மண்டிக்காரர் சொன்னாரு, "அண்ணா, இன்னைக்கு விக்கறது பழைய சரக்கு. கையிருப்பு குறைஞ்சு போச்சு, புது சரக்கு வர இன்னும் மூணு மாசத்துக்கு மேல ஆகும், அதனால 2,350. நீங்க எனக்கு குடுக்கப் போறது நவம்பர்ல. அப்ப தாவணகெரே, ஹாவேரி சரக்கு மொத்தமா வந்து இறங்கும், உங்க ஊர்லயும் எல்லார் களத்துலயும் ஒரே நேரத்துல கிடக்கும். இன்னைக்கு விலைக்கும் நவம்பர் விலைக்கும் சம்பந்தம் இல்லீங்கண்ணா. நான் எப்படி கணக்கு போட்டேன்னு காட்டறேன் பாருங்க. நாமக்கல்ல ஒரு தீவன மில்லு நவம்பர் சரக்குக்கு கேட்ல 2,250-க்கு எங்கிட்ட எழுதிருக்கான். லாரி, ஏத்துக்கூலி, சாக்கு எல்லாம் சேத்து 90 போகும். மீதி 2,160. அதுல உங்களுக்கு 2,080, எனக்கு 80."

"80 ரொம்ப ஜாஸ்தி. 2,100 போடு."

ரெண்டு டீ, கொஞ்ச நேரம் பேச்சு, கடைசில 2,100-க்கு ஒத்துக்கிட்டாங்க.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும், ஏன்னா இதுல ஒரு விஷயம் நிறைய பேர் கண்ணுல படறதில்ல. மண்டிக்காரர் நவம்பர்ல விலை என்ன ஆகும்னு ஜோசியம் பார்த்து 2,100 சொல்லல. மில்லுகாரன் குடுத்த விலைல இருந்து பின்னாடி கழிச்சு வந்தாரு. மில்லுகாரனுக்கு அவன் பயம், தீவன விலை திடீர்னு ஏறினா கோழிப்பண்ணைக்காரங்க கிட்ட அவன் வாய் குடுத்த விலை நிக்காது. மண்டிக்காரருக்கு வேண்டியது நடுவுல அந்த 60 ரூபாய் மட்டும் தான். மார்க்கெட் 1,800-க்கு போனாலும் 2,400-க்கு போனாலும் சரக்கு சொன்னபடி வந்து சொன்னபடி போச்சுன்னா அவருக்கு அதே 60. அதனால உங்க வியாபாரிகிட்ட முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, "நீங்க இத யாருக்கு குடுக்கப் போறீங்க, அந்த விலை எழுதியாச்சா?"ன்னு. அவரு முன்னாடியே வித்து வெச்சிருந்தா உங்க சரக்கு வந்தே ஆகணும்ங்கற நிலைமைல இருக்காரு. விக்காம சும்மா வாங்கி வெக்கறாருன்னா, விலை விழுந்தா முழு அடியும் அவருக்கு, அப்ப தான் வாக்கு மாறும்.

சரி, விவசாயியோட அடுத்த கேள்வி உங்க கேள்வியே தான். "நான் 2,100-க்கு எழுதி குடுத்துட்டேன், நவம்பர்ல 2,400 போகுது. எம்பக்கத்து காட்டுக்காரன் 2,400-க்கு விப்பான், நான் உனக்கு 2,100-க்கு ஏத்தி விட்டுட்டு பார்த்துட்டு இருக்கணுமா?"

"ஆமாண்ணா, பார்த்துட்டு தான் இருக்கணும்." மண்டிக்காரர் மழுப்பாம சொன்னது எனக்கு ரொம்ப பிடிச்சுது. "அந்த 300 உங்களுக்கு கிடைக்காது. அதே மாதிரி 1,800-க்கு விழுந்தா, உங்க பக்கத்து காட்டுக்காரரு 1,800-க்கு விப்பாரு, நான் உங்களுக்கு 2,100 எண்ணி வெப்பேன். உங்க செலவு என்னண்ணா?"

"ஏக்கருக்கு 30,000 ஆகும். உழவு, விதை, உரம், புழு மருந்து, அறுப்பு எல்லாம் சேத்து."

"அஞ்சு ஏக்கருக்கு 1,50,000. ஏக்கருக்கு 20 குவிண்டால்னா 100 குவிண்டால். 1,800-க்கு வித்தா 1,80,000, கையில நிக்கறது 30,000. 2,400-க்கு வித்தா 2,40,000, நிக்கறது 90,000. இந்த 30-க்கும் 90-க்கும் நடுவுல எது வரும்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. எழுதிட்டா 2,10,000, நிக்கறது 60,000. 90 கிடைக்காது, 30-க்கும் போகாது. பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும், சொசைட்டி கடன் அடைக்கணும்னா எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

ஒப்பந்தம் பண்றது இவ்வளவு தான். மேல ஏறினா வர்ற பணத்த விட்டுக் குடுத்து, கீழ விழுந்தா வர்ற அடிய தவிர்க்கறது. ஏமாந்துட்டோம்னு தோணறது அறுப்புக்கு அப்புறம் விலை தெரிஞ்ச பிறகு, ஆனா முடிவு எடுக்கறது ஜூலைல, விலை தெரியாதப்ப. விலை ஏறின வருஷத்த மட்டும் வெச்சு ஒப்பந்தம் நல்லதா கெட்டதான்னு சொல்லக்கூடாது. ஆதார விலை இருக்கேன்னு சில பேர் கேப்பாங்க. 2025-26-க்கு மக்காச்சோளத்துக்கு மத்திய அரசு அறிவிச்சது குவிண்டால் 2,400, ஆனா சர்க்கார் நேர்ல நின்னு வாங்கினா தான் அது உங்க கைக்கு வரும். அந்த வருஷமே அறுப்பு நேரத்துல கர்நாடகா மார்க்கெட்ல அதுக்கு ரொம்ப கீழ போச்சு, விவசாயிங்க ரோட்டுக்கு வந்தாங்க.

இதுவரைக்கும் நான் சொன்னதுல சந்தேகம் இல்ல, எளிய கணக்கு. இதுக்கு மேல தான் ஒப்பந்தம் எழுதறவங்க அடி வாங்கற இடம் வருது, உங்க அப்பாவுக்கு கண்டிப்பா சொல்ல வேண்டியதும் இது தான்.

விவசாயி உற்சாகமா, "சரி தம்பி, 100 குவிண்டாலும் எழுதிக்கோ"ன்னாரு. மண்டிக்காரர் வேற ஆளா இருந்தா உடனே பேனாவ எடுத்திருப்பாரு. இவரு சொன்னாரு, "வேண்டாம்ணா. 60 மட்டும் எழுதுங்க."

"ஏன்? எனக்கு விலை தான் பயம், நீ தான் அத எடுத்துக்கறேங்கற, அப்புறம் என்ன?"

"விலை பயத்த நான் எடுத்துக்கறேன், மழை பயத்த நான் எடுத்துக்க முடியாதுண்ணா. ஆகஸ்ட்ல மழை பொய்ச்சு போய் உங்களுக்கு 60 தான் விளைஞ்சுதுன்னு வைங்க. உங்களுக்கு மட்டுமா பொய்க்கும், அந்த பக்கம் பூரா பொய்க்கும். அப்ப மார்க்கெட் 2,500 ஆயிடும். நீங்க எனக்கு 100 தர்றதா எழுதிருக்கீங்க, மில்லுக்கு நான் 100 எழுதிருக்கேன். குறையற 40-அ நான் 2,500-க்கு வெளில வாங்கி தான் அனுப்பணும், வித்தியாசம் 400, நாப்பது குவிண்டாலுக்கு 16,000. அத உங்க கணக்குல தான் கழிக்கணும்."

அந்த கணக்க முழுசா போட்டு பாருங்க. 100-ம் எழுதிருந்தா, விளைஞ்ச 60-க்கு 2,100 மேனிக்கு 1,26,000, அதுல 16,000 போச்சு, கையில 1,10,000. ஒப்பந்தமே இல்லாத பக்கத்து காட்டுக்காரரு அதே 60 குவிண்டால 2,500-க்கு வித்து 1,50,000 வாங்கிட்டு போவாரு, விளைச்சல் குறைஞ்சத விலை ஏற்றம் அவருக்கு ஓரளவு ஈடு கட்டிடுது. விளைச்சல் குறையற வருஷம் விலை ஏறும், விளைச்சல் கொழிக்கற வருஷம் விலை விழும், இது விவசாயிக்கு தானா கிடைக்கற ஒரு சின்ன பாதுகாப்பு. முழு விளைச்சலயும் ஒரு அளவு சொல்லி எழுதிட்டா அந்த பாதுகாப்ப நீங்களே அறுத்து விட்டுடறீங்க. ரிஸ்க் குறைய எழுதின காகிதம் பஞ்ச வருஷத்துல ரிஸ்க்க கூட்டிடும். ஆனா எங்க பக்கத்துல விளைச்சல் குறைஞ்சும் மத்த ஊர்ல நல்லா விளைஞ்சா விலை ஏறாம போறதும் உண்டு, அதனால எல்லா வருஷமும் இப்படி ஈடு கட்டும்னு சொல்ல மாட்டேன்.

60-அ மட்டும் எழுதினா, அதே பஞ்ச வருஷத்துல 60-ம் போய் சேரும், அபராதம் ஒண்ணும் கிடையாது, 1,26,000 கையில. சாதாரண வருஷத்துல 60-க்கு 1,26,000 உறுதி, மீதி 40 அன்னைக்கு என்ன விலையோ அந்த விலை. 1,800-னா மொத்தம் 1,98,000, 2,400-னா 2,22,000. முன்னாடி 1,80,000-க்கும் 2,40,000-க்கும் நடுவுல ஆடினது இப்ப 1,98,000-க்கும் 2,22,000-க்கும் நடுவுல வந்துடுச்சு, பஞ்சத்துலயும் மண்டிக்காரருக்கு கடன்காரன் ஆகல. போட்ட 1,50,000-ல பெரும்பகுதி எழுத்துலயே வந்துடுது. எந்த அளவு எழுதணும்னு கேட்டா நான் சொல்றது, மோசமான வருஷத்துலயும் உங்க காட்டுல இதுக்கு குறையாம வந்திருக்குன்னு அப்பா நம்பிக்கையா சொல்ற அளவு. போர் தண்ணி இருந்தா அது 80 ஆகலாம், மானாவாரின்னா 50 கூட ஆகலாம், அது காட்ட பொறுத்தது.

இன்னொரு வழியும் உண்டு, அளவு சொல்லாம நிலத்த சொல்லி எழுதறது. இந்த சர்வே நம்பர்ல இந்த 5 ஏக்கர்ல விளையறது எவ்வளவோ அவ்வளவும்னு எழுதினா விளைச்சல் குறைஞ்ச பாதிப்பு விவசாயி தலைல முழுசா விழாது. இதுக்கு பழைய முன்னுதாரணம் கூட இருக்கு, 1876-ல இங்கிலாந்துல ஹவெல், கூப்லாண்ட் வழக்கு. குறிப்பிட்ட நிலத்துல விளையற உருளைக்கிழங்குல 200 டன் தர்றதா ஒரு விவசாயி எழுதி குடுத்திருந்தாரு, நோய் வந்து பயிர் போச்சு, 80 டன் கிட்ட தான் தர முடிஞ்சுது, மீதிக்கு அவர் பொறுப்பில்லன்னு கோர்ட் சொல்லிடுச்சு. நிலத்தோட பேர் ஒப்பந்தத்துல இருந்தது தான் அவர காப்பாத்துச்சு. வெறும் "100 குவிண்டால் மக்காச்சோளம்"னு இருந்தா எங்கயாவது வாங்கி குடுன்னு தான் சட்டம் கேக்கும். நான் வக்கீல் இல்ல, உங்க காகிதத்துல எந்த வரி எப்படி நிக்கும்னு ஒரு வக்கீல்கிட்ட காட்டிடுங்க. ஆனா நிலத்த சொல்லி எழுதற ஒப்பந்தத்துக்கு வியாபாரி விலைய கொஞ்சம் குறைப்பாரு, அது நியாயம் தான், ஒரு பங்கு மழை பயத்த அவர் தலைல வாங்கிக்கறாரு இல்லையா.

அப்புறம் விவசாயி கேட்டது, "விலை ஏறிட்டா நான் குடுக்காம வேற ஆளுக்கு வித்துட்டேன்னா என்ன பண்ணுவ?" நேரடியா கேட்டாரு, மண்டிக்காரரும் கோவப்படல. "1872 ஒப்பந்தச் சட்டம் 73-வது பிரிவுல நஷ்டஈடு கேக்கலாம்ணா, எழுதின விலைக்கும் அன்னைக்கு மார்க்கெட் விலைக்கும் உள்ள வித்தியாசம். 2,400-னா குவிண்டாலுக்கு 300. ஆனா உங்க மேல கேஸ் போட்டு நான் எப்ப வாங்கறது. அடுத்த வருஷம் உங்ககிட்ட எழுத மாட்டேன், அவ்வளவு தான்." விவசாயி விடல, "அப்ப விலை விழுந்தா நீ ஓடிட்டா நான் எப்ப வாங்கறது?"

இது நூறு சதவீதம் சரியான கேள்வி. அதுக்கு வழி அச்சாரம் தான். மண்டிக்காரர் தனக்கு தோணினத குடுத்தா அத அப்படியே வாங்கிக்காதீங்க, விலை எவ்வளவு விழலாம்னு பார்த்து அச்சாரத்த கேளுங்க. 2,100-ல இருந்து 1,800-க்கு விழுந்தா ஓடறதுல அவருக்கு மிச்சம் குவிண்டாலுக்கு 300, அறுபதுக்கு 18,000. அச்சாரம் 5,000 தான் குடுத்திருந்தா அத விட்டுட்டு ஓடினாலும் அவருக்கு 13,000 லாபம். 18,000-20,000 குடுத்திருந்து, சரக்கு எடுக்கலைன்னா அது விவசாயிக்கேன்னு எழுதிருந்தா ஓடறதுல அர்த்தம் இல்ல. அன்னைக்கு 18,000-க்கு முடிச்சாங்க.

ஆனா வியாபாரி ஓடறது அபூர்வம். நான் பார்த்தவரைக்கும் விலை விழுந்தா நடக்கறது வேற, சரக்கோட தரம் திடீர்னு குறைஞ்சிடும். "ஈரம் ஜாஸ்தி, பூஞ்சை இருக்கு, மில்லு எடுக்க மாட்டான்"னு களத்துல வந்து நின்னு சொல்லுவாங்க. உங்க பக்கம் அறுப்பு நேரத்துல வடகிழக்கு மழை வேற, ஈரம் உண்மைலயே இருக்கும், அதனால எதிர்த்து பேசவும் முடியாது. அதுக்கு தான் கழிவு கணக்கையும் ஜூலைலயே எழுதணும்ங்கறேன். 2,100 பொதுவா 14 சதவீத ஈரத்துக்கு பேசற விலை. உங்க சரக்கு 18-ல இருந்தா, 100 கிலோல தண்ணி போக 82 கிலோ தான் தானியம், அத 14 சதவீதத்துக்கு மாத்தினா 95.35 கிலோ. அதாவது ஒரு புள்ளிக்கு 1.16 கிலோ கழிவு தான் நிஜமான எடைக் குறைவு, நாலு புள்ளிக்கும் சேத்து குவிண்டாலுக்கு 98 ரூபாய். காய வெக்கற கூலின்னு மேல கொஞ்சம் கேட்டா அது சரி. புள்ளிக்கு 2 கிலோன்னு கழிச்சா 8 கிலோ போயிடும், 168 ரூபாய், உங்க 2,100 நிஜத்துல 1,932 ஆயிடுச்சு. 60 குவிண்டாலுக்கு நாலாயிரத்து சொச்சம் சத்தமில்லாம போகும். கழிவ எழுதாத ஒப்பந்தத்துல விலை நிர்ணயம் ஆகல, தலைப்பு மட்டும் தான் நிர்ணயம் ஆயிருக்கு.

அந்த விவசாயி இத பிடிச்சுக்கிட்டாரு. "ஈரம் பார்க்கற மெஷின் உன்னோடது, நீ சொல்றது தான் நம்பரா?" கடைசில எழுதினது: களத்துல ரெண்டு பேர் முன்னாடி, வேற வேற சாக்குல இருந்து எடுத்த மாதிரிய பார்க்கறது, ஒத்து வரலைன்னா வேற ஒரு மண்டி மெஷின்ல பார்த்து அத ஏத்துக்கறது. 18-க்கு மேல இருந்தா காய வெச்சு குடுக்க பத்து நாள் அவகாசம். உங்க வியாபாரி இந்த வரிக்கு முகம் சுளிச்சா அத ஒரு தகவலா எடுத்துக்கோங்க.

உங்க அப்பா காகிதத்துல ஒரு விஷயத்த கண்டிப்பா பாருங்க. "சரக்கு வேண்டாம்ணா, நவம்பர்ல விலை வித்தியாசத்த மட்டும் காசா தீர்த்துக்கலாம்"னு யாராவது சொன்னா கையெழுத்து போடாதீங்க. சரக்கு கை மாறணும்ங்கற எண்ணமே இல்லாம வெறும் வித்தியாசத்துக்கு எழுதறது சட்டப்படி பந்தயம், அதே ஒப்பந்தச் சட்டம் 30-வது பிரிவுப்படி அது செல்லாது, பணம் வரலைன்னா கோர்ட்டுக்கும் போக முடியாது. மும்பைல இருக்கற எக்ஸ்சேஞ்சுல நடக்கற ஃபியூச்சர்ஸ் வேற விஷயம், அது சட்டப்படி செபி மேற்பார்வைல நடக்குது, ஆனா தினமும் விலை மாற மாற மார்ஜின்ங்கற ஈட்டுப் பணத்த கட்டிட்டே இருக்கணும், 5 ஏக்கருக்கு அந்த தொல்லை தேவையில்லன்னு தான் என் அபிப்பிராயம். உங்க நிலம் தமிழ்நாட்டுல இருக்கறதால 2019-ல வந்த ஒப்பந்தப் பண்ணையச் சட்டமும் இருக்கு, பதிவு பண்றது எப்படின்னு கிருஷ்ணகிரில வேளாண் வணிக ஆபீஸ்ல கேட்டுட்டு எழுதுங்க, வியாபாரி பெங்களூர்ல இருக்கறதால தகராறு வந்தா எந்த ஊர்ல தீர்க்கறதுங்கறதையும் அதுலயே போட்டுடுங்க. அப்பாகிட்ட ரெண்டே கேள்வி கேட்டு எனக்கு இங்க சொல்லுங்க, அந்த காட்டுல இதுவரைக்கும் வந்ததுலயே குறைஞ்ச விளைச்சல் எவ்வளவு, போர்ல ஆகஸ்ட் மாசம் தண்ணி நிக்குமா. அது தெரிஞ்சா எத்தனை குவிண்டால் எழுதலாம்னு சேர்ந்து கணக்கு போட்டு பார்க்கலாம்.